வினாவில்லா உருவும் விளக்கத்தின் தொடக்கமும்

பாடநூல்களிற் காணப்படும் கணக்கு ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு பகுதிகளால் ஆயது. ஒன்று சொல், மற்றது உரு. தரப்பட்டது யாது, காணவேண்டியது யாது என்பவற்றைச் சொற்பகுதி கூறும். தரப்பட்டவை ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்பதை உரு காட்டும். இரண்டும் கூடியவிடத்தே கணக்கு நிறைவுறுகின்றது.

இக்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்து வருதல் வழக்கமாகிவிட்டது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், மாணவர் தம் ஐயங்களைக் கைத்தொலைபேசியின் வழியே ஆசிரியர்க்கு அனுப்பும் பழக்கம் யாழ்ப்பாணத்திலும் பரவியது. பாடசாலைகள் திறந்த பின்னும் அது நின்றுவிடவில்லை. அவ்வாறு வருவனவற்றுட் சில, புத்தகத்தின் ஓர் உருவை மட்டும் பிடித்த நிழற்படங்கள். வினா மறுபக்கத்தில் இருந்திருக்கலாம். கரும்பலகையிலிருந்து உருவை மட்டும் மாணவன் கொப்பியிற் கீறியிருக்கலாம். அல்லது தன் ஐயம் யாதென்பதைச் சொல்லாற் கூற அவனுக்கு இயலாதிருக்கலாம். படத்தின் கீழே "சேர், இது விளங்கவில்லை" என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். இந்நிலையில் ஆசிரியர் முதலில் விளக்கவேண்டியது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு வழிகள் எளிதில் மனத்திற்கு வருவன. வினா இன்னதாயிருக்கும் என ஊகித்து, விடையை முழுமையாகச் செய்து அனுப்பிவிடுதல் ஒன்று. ஊகம் பிழைத்தால் அவ்வுழைப்பு வீண். ஊகம் சரியாயினும் மாணவன் விடையைப் பார்த்தெழுதிக்கொள்வான். எண்களை மாற்றி அதே உரு வந்தால் மீண்டும் அதேயிடத்தில் நிற்பான். "வினாவை அனுப்பு" என்று கூறிக் காத்திருத்தல் மற்றது. அது நியாயமே ஆயினும், ஐயத்தைச் சொல்ல அறியாத மாணவன் அக்கேள்வியோடு பேசாது ஒதுங்கிவிடுதலும் உண்டு.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொரு வழி உண்டு. ஓர் உருவைப் பற்றி எழக்கூடிய வினாக்கள் பல. அவை யாவும் கடந்து செல்லவேண்டிய வாயில் ஒன்று அவ்வுருவிலேயே இருக்கும். அவ்வாயிலை முதலில் விளக்கினால், வினா எதுவாயினும் விளக்கம் வீண்போகாது. அது யாதென்பதை மின்சுற்று ஒன்றையும் கேத்திரகணித உரு ஒன்றையும் கொண்டு காண்போம்.

மின்சுற்றில் வாயில்

உயர்தரப் பௌதிகவியல் மாணவர் யாவரும் அறிந்த சாய்சதுர வடிவச் சுற்றை எடுத்துக்கொள்வோம். உவீற்சன் பாலம் எனப் பெயர்பெற்றது அது. சாமுவேல் கிறித்தி என்பவர் 1833 ஆம் ஆண்டிற் கண்ட இவ்வமைப்பை 1843 ஆம் ஆண்டில் உவீற்சன் விளக்கிப் பரப்பியமையால் அவர் பெயரே நிலைத்தது. எழுதும் வசதிக்காக அதன் நான்கு மூலைகளுக்கும் தமிழெழுத்துகளாற் பெயரிடுவோம். இடமூலை க, மேல்மூலை ச, வலமூலை ட, கீழ்மூலை த. க–ச பக்கத்தில் 2 ஓம், ச–ட பக்கத்தில் 4 ஓம், க–த பக்கத்தில் 3 ஓம், த–ட பக்கத்தில் 6 ஓம். நடுவே ச–த என்னும் குறுக்குக் கம்பியில் 5 ஓம். க, ட ஆகிய இரு மூலைகளுக்குமிடையே அகத்தடையற்ற 9 வோல்ற்று மின்கலவடுக்கு. படத்தில் உள்ளது இவ்வளவே.

இவ்வுருவைக் கொண்டு பல வினாக்கள் கேட்கலாம். சுற்றின் மொத்தத் தடை யாது? கலவடுக்கிலிருந்து புறப்படும் ஓட்டம் யாது? 5 ஓம் தடையிற் செல்லும் ஓட்டம் யாது? ச என்னும் புள்ளிக்கும் ட என்னும் புள்ளிக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாடு யாது? இவற்றுள் எது கேட்கப்பட்டதென்று நாம் அறியோம். ஆயினும் இவற்றுள் எதனைச் செய்யப் புகுந்தாலும் மாணவன் இடறும் இடம் ஒன்றே. எத்தடைகள் தொடராக உள்ளன, எவை சமாந்தரமாக உள்ளன என்பதை அவன் கண்ணால் முடிவுசெய்கின்றான். 2 ஓமும் 4 ஓமும் ஒரே வரிசையில் நிற்பதாற் "தொடர்" என்பான். 2 ஓமும் 3 ஓமும் க என்னும் ஒரே இடத்தில் தொடங்குவதாற் "சமாந்தரம்" என்பான். இரண்டும் பார்வையால் வந்த முடிவுகள். சுற்றால் வந்தவை அல்ல.

ஆதலின் முதலில் விளக்கவேண்டியது சந்திகளே. கம்பியால் நேரே தொடுக்கப்பட்ட இடங்கள் யாவும் ஒரே சந்தியாகும். அக்கம்பி வளைந்தாலும் நீண்டாலும் வேறுபாடில்லை. ஒரு தடையைக் கடந்த பின்னரே அடுத்த சந்தி வரும். இவ்விதியாற் பார்த்தால் நம் சுற்றிற் சந்திகள் நான்கே. மாணவன் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு நிறம் கொடுத்து, அதைச் சேர்ந்த கம்பிகள் யாவற்றையும் அந்நிறத்தாற் பூசட்டும். அதன் பின்னர் ஒவ்வொரு தடையையும் எந்நிறத்துக்கும் எந்நிறத்துக்கும் இடையே உள்ளதென்று எழுதட்டும். இரு தடைகளின் இரு முனைகளும் அதே இரு நிறங்களைத் தொட்டால் அவை சமாந்தரம். இரு தடைகள் கூடும் சந்தியில் வேறெக் கிளையும் இல்லையாயின் அவை தொடர். இச்சோதனையிற் 2 ஓமும் 3 ஓமும் தோற்கும். ஒரு முனை ஒரே நிறமாயினும் மறுமுனைகள் வேறு நிறம். 2 ஓமும் 4 ஓமும் தோற்கும்; அவை கூடும் ச என்னும் சந்தியிற் குறுக்குக் கம்பி பிரிகின்றது. சுற்றில் எவ்விரு தடைகளும் தொடரும் அல்ல, சமாந்தரமும் அல்ல என்று மாணவன் கண்டுகொண்டால், இச்சுற்று அவனை ஏன் திகைக்கச் செய்தது என்பதும் அவனுக்கே விளங்கிவிடும்.

இதன் பின்னரே விகிதத்தைப் பற்றிப் பேசவேண்டும். குறுக்குக் கம்பியைச் சற்று நேரம் கழற்றிவிட்டதாக எண்ணுக. அப்போது ச என்னும் சந்தியிற் கிளை இல்லை. மேல்வழியில் 2 ஓமும் 4 ஓமும் மெய்யாகவே தொடர், மொத்தம் 6 ஓம், ஓட்டம் 1.5 அம்பியர். ஆகவே ச என்னும் சந்தி, ட என்னும் சந்தியைவிட 1.5 × 4 = 6 வோல்ற்று உயர்ந்து நிற்கின்றது. கீழ்வழியில் 3 ஓமும் 6 ஓமும் சேர 9 ஓம். ஓட்டம் 1 அம்பியர். ஆகவே த என்னும் சந்தியும் ட என்பதைவிட 6 வோல்ற்று உயர்ந்தே நிற்கின்றது. இரு சந்திகளும் ஒரே அழுத்தத்தில் உள்ளன. இனிக் குறுக்குக் கம்பியை மீளத் தொடுத்தாலும் அதன்வழியே ஓட்டம் செல்லக் காரணம் இல்லை. 2/4 = 3/6 என்னும் சமன்பாட்டின் பொருள் இதுவே.

இவ்வாறு வந்த பின்னர் முன்னெழுந்த வினாக்களுக்கெல்லாம் விடை கையில் உள்ளது. 5 ஓமில் ஓட்டம் பூச்சியம். கலவடுக்கிலிருந்து புறப்படும் ஓட்டம் 2.5 அம்பியர். மொத்தத் தடை 9/2.5 = 3.6 ஓம். விடையைச் சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. ச, த என்பன ஒரே அழுத்தத்தில் இருத்தலால் அவற்றை ஒரே சந்தியாக இணைத்துவிட்டாலும் சுற்று மாறாது. அப்போது 2 ஓமும் 3 ஓமும் சமாந்தரமாகி 1.2 ஓம் ஆகும். 4 ஓமும் 6 ஓமும் சமாந்தரமாகி 2.4 ஓம் ஆகும். கூட்டினால் அதே 3.6 ஓம். கழற்றினாலும் இணைத்தாலும் ஒரே விடை வருதல், அக்கம்பியில் ஓட்டமில்லை என்பதற்குச் சான்று.

விகிதத்தை முதலிற் கூறிவிட்டால் நேரும் தீங்கு யாதென்பதையும் காண்க. சாய்சதுரத்தைக் கண்டவுடனே "நடுத்தடையை நீக்கிவிடுக" என்று மாணவன் மனனஞ் செய்துகொள்வான். 6 ஓமுக்குப் பதிலாக 3 ஓம் இருந்தால் என்ன நிகழும்? உரு சிறிதும் மாறாது. ஆனாற் குறுக்குக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும்போது ச என்பது 6 வோல்ற்றிலும், த என்பது 4.5 வோல்ற்றிலும் நிற்கும். கம்பியைத் தொடுத்தவுடனே ச என்பதிலிருந்து த என்பதை நோக்கி ஓட்டம் செல்லும். கணித்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 0.19 அம்பியர். நடுத்தடையை நீக்கிச் செய்த கணக்கு முழுவதும் பிழையாகும். வடிவத்தைக் கற்றவன் இங்கே வீழ்வான்; சந்திகளைக் கற்றவன் வீழான்.

வினாவை உருவிலிருந்தே உய்த்துணர்தல்

வாயிலை விளக்கிய பின்னர் எப்பக்கம் செல்வது? உரு தானே சில குறிப்புகளைத் தரும். எல்லாத் தடைகளுக்கும் எண் எழுதப்பட்டிருக்க, ஒன்றில் மட்டும் X என எழுத்து இருக்குமாயின் வினா அதைக் குறித்தது. நடுக்கம்பியிற் 5 ஓமுக்குப் பதிலாக வட்டத்தினுள் G என்று இருக்குமாயின் அது கல்வனோமானி. சமநிலையைக் கொண்டு தெரியாத தடையைக் காணுதலே நோக்கம். கலவடுக்கின் அருகே r என்று இருந்தால் அகத்தடை கணக்கிற் சேரும். நாம் மேலே கண்ட 9 வோல்ற்று அப்போது முனைகளில் முழுமையாகக் கிடைக்காது. ஓர் ஆளி திறந்தவாறு வரையப்பட்டிருந்தால், மூடுமுன் யாது, மூடியபின் யாது என்று இருமுறை கேட்பது வழக்கம்.

மாணவனின் பென்சிற் சுவடு இவை யாவற்றினும் நம்பத்தக்கது. சில படங்களில் அழித்த தடம் தெரியும்; சிலவற்றில் ஒரு தடையைச் சுற்றி வட்டமிட்டிருப்பான்; சிலவற்றில் 2 + 4 = 6 என்று ஓரத்தில் எழுதியிருப்பான். அவன் எவ்விடம்வரை வந்தான், எங்கே நின்றான் என்பதை அது காட்டிவிடும். அத்தகைய சுவடு இருக்குமாயின், பொதுவாயிலைக் கூட அவன் நின்ற இடத்திலிருந்தே தொடங்குக. ஓரத்தில் 2 + 4 = 6 என்று எழுதியவனுக்கு நான்கு சந்திகளையும் ஒருங்கே விளக்குதல் வேண்டா; "ச என்னும் சந்தியிற் கம்பிகள் எத்தனை கூடுகின்றன?" என்று கேட்டாலே போதும்.

கேத்திரகணித உருவில் வாயில்

இனிச் சாதாரண தர வகுப்பிற் பயிலும் வட்ட உரு ஒன்றைக் காண்போம். ம என்பதை மையமாகக் கொண்ட வட்டம். வெளியே ப என்னும் புள்ளி. அங்கிருந்து இரு கோடுகள் வந்து க, ச என்னும் புள்ளிகளில் வட்டத்தைச் சேர்கின்றன. வட்டத்தின் மறுபுறத்தே த என்னும் புள்ளி. அது க, ச ஆகியவற்றோடு இணைக்கப்பட்டுள்ளது. ப என்னும் இடத்தில் 50° எனவும், த என்னும் இடத்தில் x எனவும் எழுதப்பட்டுள்ளன. காணவேண்டியது x என்பது வெளிப்படை. எனினும் வினா இல்லை.

விடை காணுதல் எளிது. பக, பச என்பன தொடலிகளாயின் ஆரை மக, மச என்பன அவற்றோடு 90° ஆகும். நாற்பக்கல் மகபச என்பதன் கோணங்களின் கூட்டுத்தொகை 360°; ஆகவே மையத்தில் 360 – 90 – 90 – 50 = 130°. பரிதியில் எதிரமைக்கும் கோணம் அதன் பாதி; x = 65°. ஆனால் இவ்விளக்கத்தின் தொடக்கத்தில் "தொடலிகளாயின்" என்றொரு சொல் வந்ததை நோக்குக. அதை உரு சொல்லவில்லை. கோடு வட்டத்தைத் தொடுவதுபோலத் தோன்றுகின்றது, அவ்வளவே. மயிரிழை அளவு உள்ளே வெட்டிச் சென்றாலும் கண்ணுக்குத் தெரியாது. "பக, பச என்பன தொடலிகள்" என்னும் வாக்கியம் நமக்கு வராத வினாவில் இருந்தது.

ஆதலாற் கேத்திரகணித உருவில் முதலில் விளக்கவேண்டியது, உரு உறுதியாகக் கூறுவது யாது, வெறுமனே தோற்றுவது யாது என்னும் பாகுபாடே. சிறு சதுரம் இட்ட கோணம் செங்கோணம். ஒரே அளவிற் சிறு கீறல் இட்ட கோடுகள் சமம். அம்புக்குறி இட்டவை சமாந்தரம். எழுதப்பட்ட பாகைகள் மெய். இவை உருவின் வாக்குமூலம். ஏனையவை யாவும் தோற்றம். மாணவனை ஒரு தாளில் இரு நிரல்கள் இடச் செய்து, ஒன்றிற் "தரப்பட்டது" எனவும் மற்றதிற் "தோற்றுவது" எனவும் எழுதி நிரப்பச் சொல்லலாம். நம் உருவில் முதல் நிரலில் 50° வரும். ம மையம் எனக் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் வரும். தொடுதல், பக = பச, த நடுவில் இருத்தல் என்பன இரண்டாம் நிரலில் நிற்கும். "இரண்டாம் நிரலிலிருந்து எதை முதல் நிரலுக்கு மாற்ற உன் புத்தகத்தின் சொற்கள் இடந்தருகின்றன?" என்று அடுத்துக் கேட்டால், அவன் வினாவைத் தேடிச் சென்று வாசிப்பான். வினாவை அனுப்பு என்று கட்டளையிட்டபோது வராதது, இப்போது தேவை தெரிந்து வரும்.

பார்வையை நம்புதலின் தீங்கிற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ரவுசு போல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1892 ஆம் ஆண்டு வெளியிட்ட கணித விநோத நூலில், எல்லா முக்கோணிகளும் இருசமபக்க முக்கோணிகளே என்று "நிறுவும்" வாதம் இடம்பெற்றது. உச்சிக்கோணத்தின் இருசமகூறாக்கியும் அடியின் செங்குத்து இருசமகூறாக்கியும் முக்கோணியின் உள்ளே சந்திப்பதாக அதிற் படம் வரையப்படும். பின்வரும் படிகள் யாவும் குற்றமற்றவை போலத் தோன்றும். பிழை படத்திலேயே உள்ளது. பக்கங்கள் சமமல்லாத முக்கோணியில் அவ்விரு கோடுகளும் வெளியே, முக்கோணியின் சுற்றுவட்டத்தின் மேலேயே சந்திக்கும். படத்தைச் சரியாக வரைந்தவுடன் வாதம் கலைந்துவிடும்.

நம் வட்ட உருவிலும் இத்தகைய இடம் ஒன்றுண்டு. த என்னும் புள்ளி பெரிய வில்லில் இருந்தால் x = 65°; ப என்பதை நோக்கிய சிறிய வில்லில் இருந்தால் 180 – 65 = 115°. படம் எவ்வில்லைக் காட்டுகின்றது என்பதை மாணவன் வாயாற் சொல்லிய பின்னரே தேற்றத்தைத் தொடவேண்டும். மக, மச ஆகிய ஆரைகள் படத்தில் வரையப்பட்டிருக்கின்றனவா என்பதும் நோக்கத்தக்கது. நூலாசிரியர் பயனில்லாக் கோடுகளைப் பெரும்பாலும் வரைவதில்லை. ஆரைகள் இருந்தால் நாற்பக்கலே வழி என்பது அவர் காட்டிய குறிப்பு. இல்லையாயின் அவற்றை வரைதலே மாணவனிடம் எதிர்பார்க்கப்படும் முதற்செயல். திகைத்து நிற்பவர்க்கு அநேகமாகத் தோன்றாதிருப்பதும் அதுவே.

நிழற்படத்தால் நேரும் குறைகள்

புத்தகத்திலுள்ள உருவும் நிழற்படத்தில் வரும் உருவும் முற்றும் ஒன்றல்ல. கைத்தொலைபேசியைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகும். செங்கோணம் விரியும் அல்லது ஒடுங்கும். சமாந்தரக் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கும். நூலின் நடு மடிப்பினருகே நேர்கோடும் வளையும். ஆகையாற் படத்தைப் பார்த்து "இக்கோணம் 90° போலும்" என்று ஆசிரியர் தாமும் எண்ணலாகாது.

மின்சுற்றுக்கு இவ்வளைவுகளாற் கேடில்லை. அங்கே வடிவுக்குப் பொருளில்லை, தொடுப்புக்கே பொருள். ஆனால் வேறொரு கேடு உண்டு. இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அவை தொடுக்கப்பட்டவை. புள்ளி இல்லையாயின் அல்லது ஒரு கம்பி மற்றதைத் தாண்டுவதுபோல் வளைத்து வரையப்பட்டிருந்தால் தொடுக்கப்படாதவை. விளக்கொளி குறைந்த படத்தில் அச்சிறு புள்ளி மறைந்துவிடும். கையின் நிழலால் இல்லாத புள்ளி தோன்றுதலும் உண்டு. சந்திகளின் எண்ணிக்கை அதனால் மாறும், சுற்றே வேறாகிவிடும். ஐயமுள்ள குறுக்கீடு ஒன்றேனும் இருப்பின், கணக்கைத் தொடங்குமுன் அவ்விடத்தை மட்டும் அருகே பிடித்து அனுப்புமாறு கேட்டல் வேண்டும். இவ்வொன்றிற் காத்திருத்தலே முறை.

விளங்கியதா என அறிதல்

"விளங்கியதா?" என்று கேட்டால் "விளங்கியது, சேர்" என்றே மாணவன் கூறுவான். அது சான்றாகாது. மின்சுற்றாயின், அதே சுற்றைச் சாய்சதுரமாக அன்றி நேர்கோட்டுச் சட்டமாக மீள வரையச் சொல்லுக. நான்கு சந்திகளும் அவ்வவற்றிற் கூடும் தடைகளும் மாறாது வந்தால் அவன் சுற்றைக் கண்டான் என்க. நடுத்தடை இடந்தவறி வந்தால் அவன் இன்னும் வடிவத்தையே காண்கின்றான். கேத்திரகணிதமாயின், அதே தரவுகளுக்கு ஒவ்வாத் தோற்றமுடைய வேறோர் உருவை வரையச் சொல்லுக: 50° என்பதை அகலமாகவும், த என்பதை ஓரமாகவும் இட்டு வரையட்டும். தவறாக வரைந்த அவ்வுருவிலும் x = 65° என்று காரணங்காட்டி நிறுவ வல்லனாயின், அவன் நம்புவது கண்ணையன்று, தரப்பட்டதையே என்பது தெளிவு.

ஆக, மின்சுற்றிற் சந்திகளை எண்ணுதலும், கேத்திரகணித உருவிற் தரப்பட்டதைத் தோற்றத்தினின்று பிரித்தலும் வேறுவேறு செயல்கள் போலத் தோன்றினும் ஒன்றே. உரு தன் வாயாற் கூறுவதை மட்டும் கேட்டல் என்பது அது. வினாவோடு வரும் உருவிலும் அதுவே முதற்படி. ஆனால் வினா இருக்கும்போது விடையை நோக்கிய விரைவில் அப்படியை நாம் தாண்டிச் சென்றுவிடுகின்றோம். அது நம் மாணவனால் ஏறப்படாதிருந்தமை, வினாவில்லாத உரு வந்து சேரும் நாளிலேயே நமக்குத் தெரியவருகின்றது.